சீட்டுக் குலுக்கலா, அடுக்குப் பிரித்துக் குலுக்கலா?

விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்தும் வேகம் காலைக் காபியால் கூடுகிறதா என்று பார்க்க, 24 தன்னார்வலர்களைக் கொண்டு ஒரு சிறு சோதனை நடத்தினோம். சிகிச்சைக் குழுவுக்குக் காபி, கட்டுப்பாட்டுக் குழுவுக்குக் காஃபீன் நீக்கிய காபி. குடிப்பதற்கு முன்னும் பின்னும் வேகத்தை அளந்தோம். யார் எந்தக் குழு என்பதைத் தற்செயலிடம் விட வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எப்படி விடுவது என்பதில்தான் பேச்சு நீண்டது.

நாணயம் சுண்டுவதை உடனே தள்ளிவிட்டோம். 24 முறை சுண்டினால் சரியாக 12-12 என அமைய 16 விழுக்காடு வாய்ப்பே உண்டு. 12 சிவப்பும் 12 கறுப்புமாகச் சீட்டுகளைக் கலைத்து ஆளுக்கொன்று கொடுத்தால் அந்தக் குறை தீர்ந்துவிடும். எளிது, பிழைக்கும் இடமில்லை.

ஆனால் எங்கள் 24 பேரில் 8 பேர் அன்றாடம் காபி குடிப்பவர்கள். காலையில் காபி கிடைக்காத அவர்கள் மந்தமாகவே வந்து அமர்வார்கள். குடித்தபின் தெரியும் முன்னேற்றத்தில் ஒரு பகுதி, இழந்த வேகம் திரும்புவது மட்டுமே. கலைத்த சீட்டில் அந்த எட்டுப் பேர் 6-2 என்றோ அதைவிட மோசமாகவோ பிரிய ஏறத்தாழ 19 விழுக்காடு வாய்ப்பு இருப்பதைக் கணக்கிட்டபோதுதான் நான் பக்கம் மாறினேன். ஐந்தில் ஒரு பங்கு என்பது புறக்கணிக்கக்கூடியதன்று. ஆயிரம் பேர் கொண்ட சோதனையில் இத்தகைய சாய்வு விகித அளவில் தானே சுருங்கிவிடும். 24 பேரில் சுருங்காது. பின்னர் கணக்கால் சரிசெய்யலாம் என்றாலும், கட்டுப்பாட்டுக் குழுவில் இரண்டே காபிப் பிரியர்கள் இருந்தால் அந்த இருவரையே நம்பி ஒப்பிட வேண்டியிருக்கும்.

எனவே எட்டுப் பேருக்கு 4 சிவப்பு, 4 கறுப்பு என ஒரு கட்டும், மற்ற 16 பேருக்கு 8-8 என இன்னொரு கட்டும் தனித்தனியே கலைத்தோம். பட்டியலைச் சோதனையில் பங்கில்லாத ஒருவர் வைத்திருந்தார். 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்ச் சோதனையிலும் ஒவ்வொரு மருத்துவமனைக்கும், அதனுள் ஆண், பெண்ணுக்கும் தனித்தனிச் சமவாய்ப்பு வரிசைகளே வகுக்கப்பட்டன.

அடுக்கு முறைக்கும் குறைகள் உண்டு. பாலினம், வயது எனக் கூட்டிக்கொண்டே போனால் எட்டு அடுக்குகளாகி, அடுக்குக்குச் சராசரி மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள்; ஒற்றைப்படை எச்சங்கள் சேர்ந்து சமநிலையைக் குலைத்துவிடும். விளைவோடு மிக நெருங்கிய ஒரே காரணியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பகுப்பாய்விலும் அடுக்கை மறக்கக் கூடாது: ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் வித்தியாசத்தைக் கண்டு, பிறகு 8-க்கு 16 என்ற எடையில் சேர்க்க வேண்டும். நாங்கள் முதலில் மொத்தமாக ஒப்பிட்டோம். காபிப் பிரியர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் பிழைக் கணக்கில் ஏறி, முடிவு தேவையின்றி மங்கலாகத் தெரிந்தது.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும்: எங்களுக்கு 24 பெயர்களும் முன்கூட்டியே கையில் இருந்தன. ஆட்கள் ஒருவர்பின் ஒருவராகச் சேரும் சோதனையை நான் நடத்தியதில்லை. அங்கே நான்கு நான்காகத் தொகுத்து ஒதுக்கினால், முதல் மூன்று பேரின் குழுவை அறிந்தவர் நான்காமவரின் குழுவையும் அறிந்துவிடுவார். ஆகவே அங்கு தொகுப்பின் அளவை மாற்றி மாற்றி வைத்து, அதைச் சேர்ப்பவரிடமிருந்து மறைத்தாக வேண்டும்.