அப்பாவின் விசா கவரிங் லெட்டர்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

அம்மாவுக்கு இங்கிலாந்து விசிட்டர் விசா போடும் நண்பர் ஒருவர், "உங்க அப்பாவுக்கு வைத்த கவரிங் லெட்டரின் ஃபார்மட் அனுப்புங்க" என்று கேட்டார். அனுப்பிவிட்டேன். ஆனால் ஃபார்மட்டை மட்டும் அனுப்பினால் போதாது என்று தோன்றியது. அந்தக் கடிதத்தைச் சில ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டு மாரடித்தவன் என்ற முறையில் அதன் நல்லது கெட்டதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இங்கிலாந்து விசிட்டர் விசாவுக்குக் கவரிங் லெட்டர் கட்டாயம் இல்லை. ஆன்லைன் விண்ணப்பமும் அதை நிரூபிக்கும் காகிதங்களும்தான் முக்கியம். எங்களுக்குக் கடிதம் தேவைப்பட்டதற்குக் காரணம் ஒரே ஒரு தேதி. அப்பாவின் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி 14 செப்டம்பர் 1955. வருமானத்துக்குச் சான்றாக வைக்க வேண்டிய ஓய்வூதியக் கொடுப்பாணையிலோ 5 ஜூன் 1955. பாஸ்போர்ட் இல்லாமல் விண்ணப்பமே இல்லை. பென்ஷன் ஆர்டர் இல்லாமல் மாதா மாதம் வங்கிக்கு வரும் பணம் எங்கிருந்து வருகிறது என்று காட்ட முடியாது. இரண்டையும் ஒரே கட்டில் வைத்துத்தான் ஆக வேண்டும்.

இது எப்படி நடந்தது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். செப்டம்பரில் பிறந்த பையனுக்கு மூன்று மாதம் குறைந்தது. தலைமை ஆசிரியர் ஜூன் தேதி ஒன்றைப் போட்டுச் சேர்த்துக்கொண்டார். அந்தத் தேதி எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்குப் போனது, அங்கிருந்து பணிப் பதிவேட்டுக்குப் போனது. அரசுப் பணியில் பிறந்த தேதியை மாற்ற வேண்டுமென்றால் சேர்ந்த ஐந்து ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும், அப்பா கேட்கவில்லை. ஓய்வு பெற்ற பின் பாஸ்போர்ட் எடுத்தபோது நகராட்சியிலிருந்து வாங்கிய பிறப்புப் பதிவு நகலைக் கொடுத்தார். பாஸ்போர்ட் செப்டம்பருக்குப் போய்விட்டது.

லண்டனிலோ வேறெங்கோ உட்கார்ந்து கட்டைப் புரட்டுகிற அதிகாரிக்கு இந்தக் கதை தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் ஒரே ஆளுக்கு இரண்டு பிறந்த தேதிகள். போலிக் காகிதம் என்றோ பொய்த் தகவல் என்றோ முடிவு செய்தால் மறுப்போடு நிற்காது, 10 ஆண்டுகள் வரை தடை வரலாம். விசிட்டர் விசா மறுப்புக்கு மேல்முறையீடும் கிடையாது. மறுபடி பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும், அதில் முந்தைய மறுப்பையும் சொல்ல வேண்டும். ஆகவே அவர் கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் கடிதத்தின் இரண்டாவது பத்தி ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் சொன்னால் இப்படி:

"என் பாஸ்போர்ட்டிலும் (இணைப்பு 1) இந்த விண்ணப்பத்திலும் பிறந்த தேதி 14 செப்டம்பர் 1955. ஓய்வூதியக் கொடுப்பாணையில் (இணைப்பு 5) 5 ஜூன் 1955 என்று உள்ளது. ஜூன் தேதி 1960இல் பள்ளியில் சேர்த்தபோது பதியப்பட்டது, எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழிலும் (இணைப்பு 6) பணிப் பதிவேட்டிலும் அதுவே தொடர்ந்தது. அந்தத் தேதிப்படி 58 வயது நிறைந்த மாதத்தின் கடைசி நாளான 30 ஜூன் 2013 அன்று ஓய்வு பெற்றேன். செப்டம்பர் தேதி பிறப்புப் பதிவேட்டின் நகலில் (இணைப்பு 7, மொழிபெயர்ப்புடன்) உள்ளது. எல்லாக் காகிதங்களும் என்னையே குறிக்கின்றன, என் தந்தையின் பெயர் இணைப்பு 1, 6, 7 மூன்றிலும் ஒன்றே."

ஆறு வாக்கியம். இதற்கு மேல் ஒரு வரி சேர்க்க நான் விடமாட்டேன். சித்தப்பா ஒருவர் "பள்ளிக்கூடத்தில் தவறுதலாகப் பதிந்துவிட்டார்கள், அதற்காக வருந்துகிறோம் என்று போடு" என்றார். கூடவே கூடாது. "தவறு" என்று எழுதிய நிமிடமே அரசாங்கப் பதிவு ஒன்று தவறு என்று நாமே ஒப்புக்கொள்கிறோம். அப்படியானால் மற்றவை சரியா என்ற கேள்வி வரும். எந்தத் தேதி எந்தக் காகிதத்தில் இருக்கிறது, எந்த ஆண்டில் எதற்காக வந்தது, விண்ணப்பத்தில் எதைப் போட்டிருக்கிறோம், ஒரே ஆள்தான் என்பதற்கு எது சாட்சி: இவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஓய்வு பெற்ற தேதி. அப்போது தமிழக அரசில் ஓய்வு வயது 58, மாதக் கடைசியில்தான் வெளியே அனுப்புவார்கள். ஜூன் 1955உடன் 58ஐக் கூட்டினால் ஜூன் 2013 வருகிறது. கொடுப்பாணையிலும் அதே 30 ஜூன் 2013 அச்சாகியிருக்கிறது. செப்டம்பர் தேதியில் கணக்குப் போட்டால் 30 செப்டம்பர் வந்திருக்கும். அதாவது ஜூன் தேதி இந்தப் பயணத்துக்காக யாரோ ஜோடித்ததாக இருக்க முடியாது, அவருடைய பணிக்காலம் முழுக்க அதன்மேல்தான் நடந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் விரல் விட்டு எண்ணிச் சரிபார்க்கலாம். ஸ்டாம்ப் பேப்பரில் "இருவரும் ஒருவரே" என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி வைப்பதைப் பலர் பெரிதாக நினைக்கிறார்கள். அது நாமே நமக்குக் கொடுக்கும் சான்று. வைப்பதானால் இவற்றுக்குப் பின்னால் வைக்கலாம், இவற்றுக்குப் பதிலாக அல்ல.

பலவீனமான கண்ணி பிறப்புப் பதிவு நகல்தான். அந்தக் காலப் பதிவுகளில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அப்பாவின் நகலிலும் "ஆண்" என்று இருக்கிறது, பெயர் என்ற இடம் வெற்று. தாத்தா பாட்டி பெயரும் தெருவும்தான் உண்டு. அதனால்தான் ஆறாவது வாக்கியத்தில் தாத்தாவின் பெயரைப் பிடித்துக்கொண்டோம். அது தமிழில் இருப்பதால் முழு மொழிபெயர்ப்பு வேண்டும். சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி, தேதி, மொழிபெயர்ப்பவரின் முழுப்பெயரும் கையெழுத்தும், தொடர்பு விவரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். எங்களுக்கு முதலில் வந்த மொழிபெயர்ப்பில் பதிவு செய்த தேதியை வெறும் எண்களில் போட்டு, மாதத்தையும் நாளையும் இடம் மாற்றியிருந்தார்கள். இரண்டு தேதியை விளக்கப் போய் மூன்றாவது ஒன்று முளைத்திருக்கும். கடிதம், பட்டியல், மொழிபெயர்ப்பு எல்லாவற்றிலும் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 5-6-1955 ஒருவருக்கு ஜூன், இன்னொருவருக்கு மே.

அப்புறம் பட்டியல். எதிர்பாராத சந்தோஷம் இதுதான். நான் அதைச் சம்பிரதாயத்துக்குத்தான் சேர்த்தேன். பாஸ்போர்ட்டுகள், தங்கையின் அழைப்புக் கடிதம், அவளுடைய வேலைச் சான்று, பென்ஷன் ஆர்டர், வங்கி ஸ்டேட்மென்ட், வீட்டு வரி ரசீது என்று வரிசையாக எண், காகிதத்தின் பெயர், அதன் தேதி, எத்தனை பக்கம். ஸ்கேன் செய்த கோப்புக்கும் அதே எண்: `05_Pension_Order.pdf`, `07_Birth_Extract.pdf`. ஐந்தாம் வரியின் பக்கத்தில் "பத்தி 2 பார்க்க" என்ற ஒரு குறிப்பு. இதைச் செய்த பிறகு வீட்டில் எதைத் தேடுவதும் சுலபமாகிவிட்டது. இரண்டாவது முறை விண்ணப்பிக்கும்போது வங்கி ஸ்டேட்மென்ட், தங்கையின் சம்பளச் சீட்டு மாதிரி பழையதாகிற காகிதங்களை மட்டும் மாற்றினால் போதும். பக்க எண்ணிக்கை போட்டிருப்பதால் ஸ்கேனில் ஒரு பக்கம் விடுபட்டால் உடனே தெரிகிறது. பென்ஷன் ஆர்டரின் பின்பக்கம் அப்படித்தான் அகப்பட்டது. சின்ன வேலைக்கு இவ்வளவு பலன் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு எரிச்சலைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அந்தக் கடிதத்தை எவராவது படித்தாரா என்று தெரியவே தெரியாது. இரண்டு தடவை விசா வந்தது. கடிதத்தால் வந்ததா, கடிதம் இல்லாவிட்டாலும் வந்திருக்குமா என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஸ்டிக்கர் ஒட்டிய பாஸ்போர்ட் மட்டும் திரும்பி வந்தது. ஒருமுறை ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குப் போனபோது விண்ணப்ப மையத்தின் கவுன்டரில் இருந்தவர் கட்டைப் பிரித்து, தன்னுடைய செக்லிஸ்ட் வரிசைப்படி அடுக்கினார். என் எண்களெல்லாம் கலைந்துவிட்டன. கடிதத்தைத் தனியாக எடுத்து "இது தேவையில்லை" என்று திருப்பித் தந்தார். "இதில் பிறந்த தேதி விளக்கம் இருக்கிறது, கட்டாயம் உள்ளே போக வேண்டும்" என்று அப்பா சொல்ல, அவர் சலித்துக்கொண்டே கடைசியில் செருகினார். முதல் பக்கமாக இருக்க வேண்டியது இன்ஷூரன்ஸ் பேப்பருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. அவர் தன் வேலையைத்தான் செய்தார் என்று நியாயமாக யோசித்தால் புரிகிறது. ஆனால் 70 வயதைத் தொட்ட மனிதர் தன் பிறந்த தேதிக்காக ஒரு கவுன்டரில் நின்று கெஞ்ச வேண்டியிருந்ததை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாற்றம் செய்தேன். அதே ஆறு வாக்கியங்களைத் தனித்தாளில் அச்சடித்து, அப்பா கையெழுத்திட்டு, பென்ஷன் ஆர்டரின் மேலேயே வைத்து ஒரே கோப்பாக ஸ்கேன் செய்கிறோம். கடிதம் எங்கே போனாலும் விளக்கம் கொடுப்பாணையோடு ஒட்டியே போகும். பெயரில் இனிஷியல் விரித்து எழுதியது மாதிரியான விஷயங்களை இதில் கலப்பதில்லை; அவற்றுக்கு விண்ணப்பத்தில் வேறு பெயர்கள் பற்றிய கேள்வி இருக்கிறது.

தேதிச் சிக்கல் எதுவும் இல்லாதவர்களுக்குக் கடிதம் வேண்டாம், பட்டியல் ஒன்று போதும். சிக்கல் இருப்பவர்கள் தாராளமாக எங்கள் ஃபார்மட்டை எடுத்துக்கொள்ளலாம், இதைவிட நல்லதாக ஒன்றை நான் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் இந்தக் கடிதத்தின்மேல் துளியும் பிரியம் கிடையாது. ஒவ்வொரு பயணத்துக்கும், ஒவ்வொரு நாட்டுக்கும், முதலிலிருந்து மறுபடி விளக்க வேண்டும். போன தடவை ஏற்றுக்கொண்டார்கள் என்பது அடுத்த தடவைக்குச் சான்றாகாது. ஐந்துக்கு எத்தனை ஸ்டார் என்று கேட்டால் இரண்டுதான் தருவேன், அதுவும் பட்டியலுக்காக.