36 செல் பேனலில் 48 வோல்ட், 10.5 ஆம்பியர்: இந்த ஸ்டிக்கரைப் பார்த்தால் வாங்காதீர்கள்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, அம்மாவின் பூந்தொட்டிகள் எல்லாம் போக சோலார் பேனல் வைக்க மிஞ்சுவது நான்கு சதுர மீட்டர்தான். அந்த இடத்துக்கு 850 வாட்டுக்கு மேல் வராது என்று இரண்டு கடைகளில் சொன்னார்கள். மூன்றாவதாக வந்த டீலர், “சார், எங்ககிட்ட 40 சதவீத எஃபிஷியன்சி பேனல் இருக்கு, அதே இடத்துல 1,600 வாட் போட்டுத் தர்றேன்” என்றார். இடம் குறைவாக இருப்பவனுக்கு இதைவிட இனிப்பான பேச்சு வேறு இல்லை. பேனல் ஒன்று 18,000 ரூபாய் என்று நான்கு வாங்கினேன், 72,000 ரூபாய். டீலர் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் போயிருக்கிறது. ஆனால் அந்த ஸ்டிக்கரில் இருந்த எண்களை எழுதுகிறேன், ஏனென்றால் அந்த எண்களை வைத்தே இது பொய் என்று வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்திருக்கலாம்.

பேனலின் அளவு 1,480 மில்லிமீட்டருக்கு 670. கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர். உள்ளே நீல நிறத்தில் ஒரு வரிசைக்கு ஒன்பதாக நான்கு வரிசை, மொத்தம் 36 செல். ஸ்டிக்கரில் 400 வாட், எதிலும் இணைக்காதபோது வரும் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் 48 வோல்ட், இரண்டு முனையையும் நேராகச் சேர்த்தால் வரும் ஷார்ட் சர்க்யூட் கரண்ட் 10.5 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பெரிய எழுத்தில் ‘மோனோ சிலிக்கான்’ என்றும் இருந்தது.

மாட்டி இரண்டு வாரம் ஆகியும் பேட்டரி சாயங்காலத்துக்குள் நிரம்பவில்லை. டீலரைக் கூப்பிட்டால், “புது பேனல் செட் ஆக ஒரு மாசம் ஆகும் சார்” என்றார். அப்படி எந்த பேனலும் ‘செட் ஆகி’ இரண்டு மடங்கு கொடுக்காது. ஏப்ரல் மாதம், மேகமே இல்லாத ஒரு நாள், மதியம் 12.15 மணிக்கு, தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணனை அழைத்து ஒரு பேனலை மட்டும் கழற்றி அளந்தோம். பேனலின் முதுகில் கை வைக்க முடியாத சூடு. மீட்டரில் 20.1 வோல்ட், ஷார்ட் செய்தால் 8.1 ஆம்பியர். அண்ணன் மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, “இது 150, 160 வாட் பேனல் தம்பி” என்றார். சூட்டில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும், 25 டிகிரியில் இது 22 வோல்ட் காட்டியிருக்கும். இந்த வோல்ட்டும் இந்த ஆம்பியரும் ஒரே நேரத்தில் கிடைக்காது, அதனால் இரண்டையும் அப்படியே பெருக்கக் கூடாது, சூட்டைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் 160 வாட்டைத் தாண்டாது.

இனி ஸ்டிக்கருக்கு வருவோம். செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைந்திருப்பதால் 48 வோல்ட்டை 36-ஆல் வகுத்தால் ஒரு செல்லுக்கு 1.33 வோல்ட். சிலிக்கானின் பேண்ட் கேப், அதாவது உள்ளே ஒரு எலக்ட்ரானைக் கிளப்பிவிடத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், 1.12 எலக்ட்ரான் வோல்ட். ஒரு செல்லின் வோல்டேஜ் அந்தப் பொருளின் பேண்ட் கேப்பைத் தாண்டவே முடியாது, அதன் அருகில் போவதே கஷ்டம். ஆக இந்த ஒரு வகுத்தலிலேயே கதை முடிந்துவிட்டது. ஆனால் நான் இதை டீலரிடம் சொன்னபோது அவர் அசரவில்லை. “இது சாதா சிலிக்கான் இல்ல சார், பேண்ட் கேப் அதிகமான நானோ மெட்டீரியல் கலந்தது, அதான் வோல்டேஜ் அதிகம்” என்றார். இந்தப் பதில்தான் விஷயம் தெரிந்தவரையும் ஒரு நிமிடம் தடுமாற வைக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேண்ட் கேப்பை ஒரு வாசற்படியின் உயரம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சூரிய ஒளி சின்னச் சின்னப் பொட்டலங்களாக, அதாவது ஃபோட்டான்களாக வருகிறது. படியின் உயரத்தைவிடக் குறைந்த ஆற்றல் உள்ள ஃபோட்டான் செல்லுக்குள் எதையும் கிளப்பாமல் அப்படியே கடந்து போய்விடும். சிலிக்கானில் சுமார் 1,100 நானோமீட்டரைவிட நீண்ட அலை உள்ள அகச்சிவப்பு எல்லாம் இப்படி வீண். படியைத் தாண்டும் ஆற்றல் உள்ள ஒவ்வொரு ஃபோட்டானும் ஒரே ஒரு எலக்ட்ரானைத்தான் ஏற்றிவிடும், எவ்வளவு ஆற்றலோடு வந்தாலும் சரி. 450 நானோமீட்டர் நீல ஒளியின் ஃபோட்டான் 2.76 எலக்ட்ரான் வோல்ட்டோடு வருகிறது. அதில் 1.12 போக மீதி 1.64-ம் கண் இமைக்கும் நேரத்துக்கும் மிகக் குறைவான நேரத்தில் வெப்பமாகிவிடும். நீல ஒளியில் பாதிக்கு மேல் சூடாகத்தான் போகிறது.

படியின் உயரத்தை ஏற்றினால் ஒவ்வொரு எலக்ட்ரானும் அதிக வோல்டேஜோடு வெளியே வரும், நீல ஒளியின் வீணும் குறையும். ஆனால் படியைத் தாண்ட முடியாத ஃபோட்டான்கள் கூடிவிடும், எலக்ட்ரான்களின் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கைதான் கரண்ட். படியை இறக்கினால் நேர் எதிர், கரண்ட் கூடும், வோல்டேஜ் விழும். ஒன்றை வாங்க இன்னொன்றை விற்றே ஆக வேண்டும். இதை ஆய்வகத்தில் அளந்த இரண்டு செல்களில் பார்க்கலாம். ஜப்பானின் கனேகா நிறுவனத்தின் 26.7 சதவீத சிலிக்கான் செல் 0.738 வோல்ட், சதுர சென்டிமீட்டருக்கு 42.65 மில்லி ஆம்பியர். பேண்ட் கேப் 1.42 உள்ள காலியம் ஆர்சனைடில் செய்த 29.1 சதவீத செல் 1.127 வோல்ட், ஆனால் கரண்ட் 29.8 மில்லி ஆம்பியர்தான். வோல்டேஜ் ஏறியிருக்கிறது, கரண்ட் இறங்கியிருக்கிறது.

இப்போது டீலரின் ‘நானோ மெட்டீரியல்’ உண்மை என்றே வைத்துக்கொள்வோம். செல்லுக்கு 1.33 வோல்ட் வர வேண்டும் என்றால் பேண்ட் கேப் குறைந்தது 1.6 இருக்க வேண்டும். அந்த உயரத்தைத் தாண்டக்கூடிய ஃபோட்டான்கள் ஒன்றுகூட வீணாகாமல் எலக்ட்ரான் ஆனாலும் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 25 மில்லி ஆம்பியர்தான் கிடைக்கும். என் பேனலில் ஒரு செல்லின் பரப்பு 243 சதுர சென்டிமீட்டர், ஆக உச்சபட்சம் ஆறு ஆம்பியரைச் சுற்றி. ஸ்டிக்கரில் 10.5. அந்த 10.5 ஆம்பியரும் தனியாகப் பார்த்தால் நடக்கக்கூடியதுதான், சிலிக்கானுக்கு உச்சம் 44 மில்லி ஆம்பியர், 243-ஆல் பெருக்கினால் 10.7 வரும். ஆனால் அப்போது வோல்டேஜ் செல்லுக்கு 0.87-ஐத் தாண்டாது, 36 செல்லுக்கு 31 வோல்ட். 48 வோல்ட் ஒரு பொருளுக்கு உரியது, 10.5 ஆம்பியர் வேறொரு பொருளுக்கு உரியது. இரண்டையும் ஒரே ஸ்டிக்கரில் அச்சடித்துவிட்டார்கள்.

1.12 உள்ள சிலிக்கானுக்கு ஏன் 1.12 வோல்ட் வராமல் 0.87-லேயே நிற்கிறது என்று அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. ஒளியை உறிஞ்சும் எந்தப் பொருளும் ஒளியை உமிழ்ந்தே தீரும், இது தவிர்க்க முடியாத விதி. செல்லில் வோல்டேஜ் ஏற ஏற, ஏறிய எலக்ட்ரான்கள் திரும்ப விழுந்து ஒளியாக வெளியேறுவதும் வேகமாகக் கூடும். உள்ளே வருவதும் வெளியேறுவதும் சமமாகும் இடத்தில் வோல்டேஜ் நின்றுவிடும். எந்தக் குறையும் இல்லாத செல்லிலும் அந்த இடம் பேண்ட் கேப்புக்குக் கால் வோல்ட் போலக் கீழேதான்.

இவை எல்லாவற்றையும் சேர்த்து 1961-இல் இயற்பியலாளர்கள் வில்லியம் ஷாக்லியும் ஹான்ஸ் குவைசரும் கணக்குப் போட்டார்கள். சூரியனை 6,000 கெல்வின் வெப்பத்தில் ஒளிரும் பொருளாக எடுத்துக்கொண்டு அவர்கள் பெற்ற உச்சம் 30 சதவீதம். இன்று பேனல் சோதனைக்குப் பயன்படுத்தும் நிலையான சூரிய ஒளியை வைத்துப் போட்டால் 1.34 எலக்ட்ரான் வோல்ட் பேண்ட் கேப்பில் 33.7 சதவீதம். அந்த உச்சி கூரானது இல்லை, நன்றாகத் தட்டையானது, அதனால் 1.12-இல் இருக்கும் சிலிக்கானும் கிட்டத்தட்ட 33-ஐத் தொடலாம். ஆனால் சிலிக்கானில் எலக்ட்ரான் தன் ஆற்றலை ஒளியாக விடாமல் பக்கத்து எலக்ட்ரானிடம் கொடுத்து வீணாக்கும் இன்னொரு வழி இருக்கிறது, ஓஜே இழப்பு என்பார்கள், அதையும் சேர்த்தால் சிலிக்கானின் எல்லை 29.4 சதவீதம். கடையில் விற்கும் பேனல் 20 முதல் 24-க்குள். ஒரு சதுர மீட்டரில் விழும் 1,000 வாட் வெயிலில் 400 வாட் என்றால் 40 சதவீதம், அது ஒரே பேண்ட் கேப் உள்ள எந்த ஒற்றைச் சந்தி செல்லுக்கும் கிடையாது, எந்தப் பொருளில் செய்தாலும் கிடையாது.

டீலர் கடைசியாக ஒரு செய்தித்தாள் துண்டைப் படமெடுத்து அனுப்பினார், அமெரிக்காவில் 47 சதவீதம் எட்டிவிட்டார்கள் என்று. செய்தி உண்மைதான். அமெரிக்காவின் என்.ஆர்.இ.எல். ஆய்வகத்தின் 47.1 சதவீத செல் அது. ஆனால் அது ஆறு வெவ்வேறு பேண்ட் கேப் உள்ள சந்திகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது, மேலே உள்ளது நீலத்தை எடுத்துக்கொள்ளும், கீழே உள்ளது அகச்சிவப்பை எடுத்துக்கொள்ளும். அதோடு சூரிய ஒளியை 143 மடங்கு குவித்து அளந்தார்கள். 36 நீலச் செல் வைத்த என் பேனலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை அனுப்பியபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது, தெரியாமல் விற்றவர் இல்லை என்று புரிந்தது.

பேனல் வாங்கப் போகிறவர்கள் டேப் எடுத்துப் போய் நீள அகலத்தை மீட்டரில் பெருக்குங்கள், வரும் விடையை 1,000-ஆல் பெருக்கினால் அதன்மேல் விழும் வெயில் வாட்டில் வரும், பேனலின் வாட்டை அதனால் வகுங்கள். 0.25-க்கு மேல் வந்தால் வேறு கடைக்குப் போங்கள். அடுத்து செல்லுக்கு எவ்வளவு வோல்ட் என்று வகுத்துப் பாருங்கள். நல்ல 550 வாட் பேனல் ஒன்றின் கணக்கு இப்படி இருக்கும்: 2.58 சதுர மீட்டர், 49.8 வோல்ட், 14 ஆம்பியர். உள்ளே பாதியாக வெட்டிய செல்கள் 144 இருக்கும், அவை இரண்டு பாதியாகப் பிரிந்து இணைந்திருப்பதால் தொடரில் 72 என்று எடுத்துக்கொள்ள வேண்டும், 144-ஆல் வகுத்துவிடாதீர்கள். செல்லுக்கு 0.69 வோல்ட், எஃபிஷியன்சி 21 சதவீதம். சிலிக்கான் என்றால் இந்த 0.6, 0.7 வோல்ட்தான் வரும். 0.75-ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள், ஒரு வோல்ட் என்றால் பேச்சே வேண்டாம்.

போன வாரம் அடுத்த தெருவில் அதே டீலரின் வண்டி நின்றது, மேலே அதே அளவு பேனல் ஆறு. அந்த வீட்டு அக்காவிடம் டேப்பைக் கொடுத்து அவரையே அளக்கச் சொன்னேன், செல்களையும் அவரே எண்ணினார், போனில் 48-ஐ 36-ஆல் வகுத்துக் காட்டினேன். பேனல் இறங்கவில்லை. என்னுடைய நான்கும் இன்னும் மாடியில்தான் இருக்கின்றன, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்த மனுவோடு மீட்டர் படமும் ஸ்டிக்கர் படமும் வைத்திருக்கிறேன். இதே எண்கள் உள்ள ஸ்டிக்கரோடு யாராவது வாங்கியிருந்தால் ரசீதையும் படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தெரியப்படுத்துங்கள், சேர்த்தே கொடுக்கலாம்.