ஆறு நாள் கழித்து ஹட்டனுக்கு வந்த பெட்டி

இந்த முறை ஊருக்குப் போனபோது கட்டுநாயக்காவில் ஒரு பெட்டிதான் வந்தது. மற்றது ஆறு நாள் கழித்து ஹட்டன் டவுனுக்கு வந்தது. இடையில் அது எங்கே போயிருந்தது என்றால், டொரன்டோவுக்கு. நான் புறப்பட்ட ஊருக்கே அது திரும்பிப் போயிருந்தது. காரணம் பெட்டியின் பக்கக் கைப்பிடியில் தொங்கிய இரண்டு வருடப் பழைய டேக். அதை வெட்டி எறிய எனக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்திருக்கும். ஊருக்குப் போகிறவர்கள் யாரும் இந்தப் பாடுபட வேண்டாம் என்பதற்காக நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

பெல்ட்டில் கடைசிப் பெட்டியும் எடுக்கப்பட்டு அது நின்றபிறகு, பொதிகள் பகுதியில் இருந்த முறைப்பாட்டு மேசைக்குப் போனேன். அங்கிருந்த தங்கச்சி பொறுமையாகக் கேட்டு எழுதினார். பெட்டியின் நிறம், கடினமானதா துணியா, எத்தனை சக்கரம், உள்ளே முதலில் கண்ணில் படும் பொருள் எது என்றெல்லாம் கேட்டார். போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தந்த சிறு துண்டில் இருந்த பத்து இலக்க எண்ணைத்தான் அவர் முதலில் கணினியில் அடித்துப் பார்த்தார். அந்தத் துண்டு இல்லாவிட்டால் தேடல் அரைக்கண்ணோடு தேடுவது போல ஆகிவிடும். கையில் ஒரு இலக்கமும் தந்தார். முதலில் கட்டுநாயக்கா விமானநிலையத்தின் குறியீடான CMB, அடுத்து விமான நிறுவனத்தின் இரண்டு எழுத்து, பிறகு ஐந்து எண். அதை வைத்து இணையத்தில் நாமே பார்த்துக்கொள்ளலாம். வெளியேறிவிட்டுப் பிறகு முறையிடுவது பெரிய சிரமம். அந்தத் தாள் கைக்கு வராமல் மண்டபத்தை விட்டு நகரக் கூடாது.

சிக்கல் விலாசத்தில் வந்தது. எங்கள் வீடு மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில். தோட்டத்தின் பெயர், டிவிஷன், லய இலக்கம் எழுதினால் தபால்காரருக்குப் போதும். கூரியர் வாகனக்காரருக்கு அது போதாது. தோட்ட ஆபீஸ் வரைதான் ரோடு, அதற்கு மேல் ஏற்றம், மழை பெய்தால் வேன் ஏறாது. ஆகவே ஹட்டனில் தெரிந்த ஒருவரின் கடையைக் கொடுத்து, அக்காவின் போன் நம்பரையும் சேர்த்து எழுதினேன். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்பதால் இரண்டு நம்பர் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. மலையகத்துக்குப் போகிறவர்கள் டவுனில் உள்ள ஒரு விலாசத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பது நல்லது.

இனி பெட்டி ஏன் திரும்பியது என்று சொல்கிறேன். பெட்டி கைக்கு வந்தபோது மேல் கைப்பிடியில் புது டேக்கின் ஒட்டிய முனை மட்டும் இருந்தது, மீதி கிழிந்துபோயிருந்தது. பக்கக் கைப்பிடியில் பழைய டேக் முழுசாக இருந்தது. அதில் பெரிய எழுத்தில் YYZ, அதாவது டொரன்டோ. அடியில் சக்கரத்துக்குப் பக்கத்தில் அதே பழைய பயணத்தின் சிறு பார்கோட் ஸ்டிக்கர். புதுப் பயணத்தின் சிறு ஸ்டிக்கரைப் பெட்டியின் உடலில் யாரும் ஒட்டவே இல்லை, எனக்குத் தந்த துண்டோடு சேர்ந்து அதுவும் என் போர்டிங் பாஸிலேயே இருந்தது.

டேக்கில் உள்ள பத்து இலக்கத்துக்கு ஒரு பொருள் உண்டு. முதல் இலக்கம் டேக்கின் வகை. சாதாரண டேக்குக்கு 0, தவறிய பெட்டியை அவசரமாக அனுப்பும் டேக்குக்கு 2. அடுத்த மூன்றும் விமான நிறுவனம். ஸ்ரீலங்கன் என்றால் 603, எமிரேட்ஸ் என்றால் 176. கடைசி ஆறு, வரிசை எண். நாம் போகும் ஊர் பார்கோடின் கோடுகளுக்குள் இல்லை. செக்-இன் செய்தவுடன் 'இந்த எண் உள்ள பெட்டி இந்த விமானத்துக்கு' என்று ஒரு செய்தி விமானநிலையப் பிரிப்பு இயந்திரத்துக்குப் போகும். ஸ்கேனர் எண்ணைப் படிக்கும், இயந்திரம் செய்தியில் தேடும், பெட்டியைத் தள்ளிவிடும்.

ஸ்கேனர்கள் பெட்டியைப் பல பக்கத்திலிருந்தும் பார்க்கின்றன. புது டேக்கும் பழைய ஸ்டிக்கரும் சேர்ந்து கண்ணில் பட்டால் இரண்டு எண் கிடைக்கும். எது சரி என்று இயந்திரத்தால் தீர்மானிக்க முடியாமல் பெட்டியை மனிதர் பார்க்கும் மேசைக்குத் தள்ளும். விமானம் மாறும் நேரம் குறைவாக இருந்தால் அந்தத் தாமதமே விமானத்தைத் தவறவிடப் போதும். ஆறு இலக்கத்தில் பத்து லட்சம் எண்தான் வரும். பெரிய நிறுவனம் ஒன்றுக்கு அது நெடுநாள் தாங்காது, முதலிலிருந்து திரும்ப ஓடும். ஆகவே நம் பழைய எண் இன்றைக்கு வேறொருவர் பெட்டியின் எண்ணாக இருக்கவும் கூடும்.

என் விஷயத்தில் புது டேக் இடைவழியில் கிழிந்துவிட்டது. மிஞ்சியது பழைய எண் மட்டும். அதற்கு இயந்திரத்தில் செய்தி இல்லை, பெட்டி மேசைக்குப் போயிருக்கிறது. அங்கே இருந்தவர் என்ன செய்வார்? கைப்பிடியில் தொங்கும் டேக்கைப் பார்ப்பார். YYZ என்று இருக்கிறது, டொரன்டோவுக்கு ஏற்றிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் பெட்டியைக் கடைசியாகக் கொண்டுபோனது எப்போதும் வீடு திரும்பிய பயணத்தில்தான். கழற்றாமல் விட்ட டேக் நாம் புறப்படும் ஊரின் பெயரைத்தான் காட்டிக்கொண்டு நிற்கும், அதாவது சரியாக எதிர்த்திசையை. ஊருக்கு வந்துபோகிற நம்மவர்களுக்கு இதனால்தான் இது கூடுதல் ஆபத்து.

நான்காம் நாள் போன் வந்தது, பெட்டி கிடைத்துவிட்டதென்று. சுங்கம் திறந்து பார்க்க என் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்றார்கள், பாஸ்போர்ட் படத்தோடு கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஆறாம் நாள் அவிசாவளை, கினிகத்தேனை வழியாக வேன் ஹட்டனுக்கு ஏறி வந்தது. கொண்டுவந்த தம்பி முறையாக நடந்துகொண்டார். பூட்டைப் பார்க்கச் சொல்லி, பிறகுதான் கையெழுத்து வாங்கினார். பெட்டியில் RUSH என்று அச்சிட்ட புது டேக், எண் 2இல் தொடங்கியது.

அன்றைக்கே டவுனில் பேக் தைக்கிற கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன், கிழிந்த கைப்பிடியைத் தைக்க. கடைக்காரர் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"அண்ணே, இதுல நாலு ஸ்டிக்கர் இருக்குங்க. தெரியுமா?"

எனக்கு ஒன்றுதான் தெரியும். அடியில் ஒன்று, முன் பைக்குள் மடிப்பில் ஒன்று, இழுக்கும் கம்பிக்குப் பின்னால் ஒன்று, பக்கக் கைப்பிடிக்குக் கீழே ஒன்று.

"வெளிநாடு போற புள்ளைங்க பேக் நெறைய வரும். மொதல்ல இதத்தான் உரிப்பேன்" என்றார்.

அவர் செய்த விதத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். தொங்கும் டேக்கைக் கையால் இழுக்கவில்லை. தாளுக்குள் பிளாஸ்டிக் படலம் இருப்பதால் அது கையால் எளிதில் கிழியாது, இழுத்தால் கைப்பிடியின் தையல்தான் போகும். கத்தரியால் வெட்டினார். ஸ்டிக்கர் மேல் ஹேர் டிரையரை அரை நிமிடம் காட்டிப் பசையை இளக்கி, மூலையிலிருந்து மெதுவாக உரித்தார். பசை மிஞ்சிய இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய துணியால் துடைத்து, சவர்க்காரத் தண்ணீரால் கழுவினார். துணிப் பேக்கில் எண்ணெய் கறையாகிவிடும், அதற்குச் சூடு மட்டும்தான். வழவழப்பான பாலிகார்பனேட் பெட்டியில் தின்னரோ நகப்பூச்சு நீக்கியோ தொடக் கூடாது, நாளடைவில் வெடிப்பு விடும்.

முன் பைக்குள் இருந்தது மட்டும் உரியவில்லை. நான் பேனாவை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டேன். அது பயனில்லாத வேலை என்று பிறகு யோசித்தபோது விளங்கியது. பார்கோடின் உயரம் முழுக்க ஒரே தகவல்தான், கோட்டுக்கு மேலேயும் கீழேயும் ஸ்கேனர் படித்துவிடும். கருப்புக் கோடுகளுக்கு இடையில் உள்ள வெள்ளை இடைவெளிகளை, மேலிருந்து கீழ் வரை, தடித்த கருப்பு மார்க்கரால் நிரப்ப வேண்டும். சிவப்பு மை வேலை செய்யாது, பல ஸ்கேனர்கள் சிவப்பு ஒளியில் பார்ப்பதால் அவற்றுக்குச் சிவப்பு வெள்ளைபோலவே தெரியும். அப்படியே நிரப்பிவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். பயணம் நடக்கும்போது ஒட்டியிருக்கும் அன்றைய சிறு ஸ்டிக்கரைக் கழற்றக் கூடாது. டேக் கிழிந்தால் அதுதான் பெட்டியைக் காப்பாற்றும். திரும்பும்போது கவுண்டரில் அதைக் கேட்டே ஒட்டச் செய்தேன். மேலும், உள்ளே துணிகளுக்கு மேல் பெயர், போன், போகும் ஊர் எழுதிய ஒரு தாள். புதுப் பெட்டியில்கூட டேக் கிழியலாம், பழையதைக் கழற்றியதால் அந்த ஆபத்து நீங்கிவிடாது. பெட்டி அநாதையாக நிற்கும்போது தப்பான ஊர்ப்பெயர் சொல்லாமலிருக்கும், அவ்வளவே. தாமதத்துக்கான இழப்பீட்டை எழுத்தில் கேட்க, மொன்ட்ரியல் உடன்படிக்கைப்படி பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள் உண்டு. நான் அதற்குள் மாற்றுத் துணி வாங்கிய ரசீதுகளோடு அனுப்பினேன்.

புறப்படுவதற்கு முந்தின இரவு பக்கத்து லயத்திலிருந்து ஒரு தங்கச்சி வந்தாள். ரியாத்தில் வீட்டுவேலைக்குப் போகிறாள், இரண்டு வருட ஒப்பந்தம். பெட்டி அவளுடையது இல்லை, அத்தையிடம் இரவல். எங்கள் பக்கம் ஒரு சூட்கேஸ் நாலு வீட்டுப் பிள்ளைகளோடு நாலு நாடு போய்வரும், ஒவ்வொரு பயணத்தின் ஸ்டிக்கரும் அதில் மிஞ்சும். அவளுக்குப் பெட்டி தவறினால், ஹட்டனில் எனக்குக் கிடைத்ததுபோல யாரும் கொண்டுவந்து கொடுக்கப் போவதில்லை, மொழி தெரியாத வீட்டில் மாற்றுத் துணி இல்லாமல் நிற்பாள். அக்கா சிம்னி விளக்கைச் சூடாக்கி, கண்ணாடியில் துணியை ஒற்றி, அந்தச் சூட்டை ஸ்டிக்கரின் மேல் வைத்து எடுத்தாள். மூன்று கிடைத்தன. ஒன்று KWI, குவைத். ஒன்று DXB, துபாய். மூன்றாவது கைப்பிடிக்குள் சுற்றியிருந்த முழு டேக், அத்தை திரும்பி வந்த நாளுடையது, CMB.

"இது இருந்தா என்னாகும் அண்ணா?" என்று கேட்டாள்.

"ரியாத்துக்குப் போற பெட்டி இங்கயே நின்னுடும்" என்றேன். கத்தரியை அவளே வாங்கி வெட்டினாள்.