சிங்கிள் டோரா, டபுள் டோரா? திருச்சி வெயிலில் மூவர் உள்ள வீட்டுக்கு எது பொருந்தும்

கணவன், மனைவி, பள்ளி செல்லும் பிள்ளை என மூவர் உள்ள வீட்டுக்குக் கடைக்காரர்கள் வழக்கமாக எடுத்துக் காட்டுவது 190 லிட்டர் அளவிலான சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜையோ, 240 லிட்டர் அளவிலான டபுள் டோர் ஃப்ரிட்ஜையோதான். இரண்டிலுமே மூவருக்கான பொருள்கள் அடங்கிவிடும் என்பதால், கொள்ளளவைவிடக் குளிர் உண்டாகும் விதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

சிங்கிள் டோர் பெட்டிகளில் பெரும்பாலானவை டைரக்ட் கூல் வகையைச் சேர்ந்தவை. மேலே இருக்கும் ஃப்ரீசரின் சுவர்தான் குளிரூட்டும் தகடு. அங்கிருந்து கனத்த குளிர்காற்று தானாகக் கீழே இறங்கி மற்றத் தட்டுகளைக் குளிர்விக்கிறது. ஒரே கதவு என்பதால், தண்ணீர் எடுக்கத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்று உள்ளே புகுந்து, அதிலுள்ள ஈரம் அந்தத் தகட்டில் பனியாகப் படிகிறது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் திருச்சியில், விடுமுறையில் இருக்கும் பிள்ளை பகல் முழுவதும் கதவைத் திறந்து மூடும் வீட்டில், அந்தப் பனி வேகமாகத் தடிக்கும்.

எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் இருந்தது சிங்கிள் டோர்தான். ஒரு கோடையில் குளிர் போதவில்லை என்று தெர்மோஸ்டாட்டைக் கடைசி எண்ணுக்குத் திருப்பி வைத்தோம். இரண்டு வாரத்தில் ஐஸ் தட்டு இழுத்தாலும் வராத அளவுக்குப் பனி கட்டியது, கீழ்த்தட்டில் இருந்த இட்லி மாவோ ஒரே இரவில் புளித்து மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. தடித்த பனி தகட்டின்மேல் போர்வைபோலப் படிந்து, குளிர் கீழே இறங்குவதைத் தடுத்துவிட்டதே காரணம். பனி அரை சென்டிமீட்டர் தடிக்கும்போதே திருகின் நடுவில் இருக்கும் டீஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்தி உருக்கிவிட வேண்டும். அதற்குச் சில மணி நேரம் ஆகும் என்பதால், மாவையும் பாலையும் வெளியே எடுத்து வைக்கும்படியான வேலையை வெயில் ஏறுமுன் காலையிலேயே முடிப்பது நல்லது. பொறுமையிழந்து கத்தியால் நெம்பினால் தகட்டில் ஓட்டை விழுந்து கேஸ் வெளியேறிவிடும். அதைச் சரிசெய்வது செலவு மிக்க வேலை.

டபுள் டோர் பெட்டிகள் பெரும்பாலும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை. குளிர்க்குழாய் ஃப்ரீசரின் பின்பலகைக்குள் மறைந்திருக்க, ஒரு சிறு விசிறி அந்தக் குளிரை மேலும் கீழும் செலுத்துகிறது. குழாயில் படியும் பனியை ஒரு ஹீட்டர் அவ்வப்போது தானே உருக்கிவிடுகிறது. கீழ்க்கதவு எத்தனை முறை திறந்தாலும் ஃப்ரீசருக்குள் நேராக வெளிக்காற்று போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வாங்கிய மீனையோ கறியையோ புதன்கிழமை வரை நம்பி வைக்கலாம்.

ஆனால் இதிலும் கோடையில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். பல மாடல்களில் ஃப்ரீசருக்குள் இருக்கும் திருகு, மேலுக்கும் கீழுக்கும் காற்றைப் பங்கிடுவது. அதை உச்சத்தில் வைத்தால் ஃப்ரீசர் கல்லாக உறையும், கீழ்ப்பகுதிக்குக் காற்று குறைந்து பால் திரிந்துபோகும். கீழே காற்று வரும் துளையை மாவுப் பாத்திரத்தால் அடைத்தாலும் இதே நிலைதான். இவை எல்லாம் சரியாக இருந்தும் மேலே குளிர்ந்து கீழே குளிராவிட்டால், விசிறியிலோ ஹீட்டரிலோ பழுது இருக்கலாம். விசிறிக் காற்று ஈரத்தை உறிஞ்சுவதால், கீரையையும் கொத்தமல்லியையும் துணியில் சுற்றியோ மூடிய டப்பாவிலோ வைக்க வேண்டியிருக்கும்.

மின்செலவில் சிங்கிள் டோருக்கே முன்னிடம். நட்சத்திரங்களை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவோம். இரு வகைக்கும் தனித்தனி அளவுகோல் இருப்பதால், மூன்று நட்சத்திர சிங்கிள் டோரும் மூன்று நட்சத்திர டபுள் டோரும் ஒரே அளவு மின்சாரம் இழுப்பதில்லை. லேபிளில் அச்சிட்டிருக்கும் ஆண்டு யூனிட்டைத்தான் பார்க்க வேண்டும். ஒன்றில் 150, மற்றொன்றில் 220 என்றிருந்தால், வித்தியாசமான 70 யூனிட் இரண்டு மாதப் பில்லில் ஏறக்குறைய 12 யூனிட்டாக வரும். சமையலறை வெக்கையில் இரண்டுமே லேபிளில் உள்ளதைவிடக் கூடுதலாக இழுக்கும்.

காய்கறியை அன்றன்று வாங்கி, அசைவத்தை வாங்கிய அன்றே சமைத்துவிடும் வீட்டுக்கு, மாதம் ஓரிரு முறை பனி உருக்க ஆள் இருக்குமானால், சிங்கிள் டோர் தாராளமாகப் போதும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய், வாரம் ஒருமுறை மாவரைத்து, மீனோ கறியோ சேமிக்கும் வீடாக இருந்தால், பல ஆயிரம் ரூபாய் கூடுதலானாலும் டபுள் டோரையே வாங்கச் சொல்வேன்; நாங்களும் அதற்குத்தான் மாறினோம்.

எதை வாங்கினாலும், பெட்டியில் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டில் T என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றுப்புற வெப்பம் 43 டிகிரி வரை தாங்கும் வகை அது. N என்று மட்டும் இருந்தால் 32 டிகிரி வரைக்குமானது. வீட்டுக்கு வந்தபின் நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரை இரவு முழுவதும் வைத்து, காலையில் கதவைத் திறந்தவுடன் தெர்மாமீட்டரை அதில் அமிழ்த்திப் பார்த்தால், 5 டிகிரிக்குக் கீழே காட்ட வேண்டும்.