ஃபைஃபோவா, எல்ஆர்யூவா? நாலாவது ஃபிரேம் சொல்லும் பதில்

புதுச்சேரி நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தோம். பழைய பில்களை டிஸ்கிலிருந்து பேஜ் பேஜாக எடுத்து மெமரியில் வைத்துக்கொள்ள அதில் ஒரு சின்ன கேஷ் தேவைப்பட்டது. இடம் நிரம்பிவிட்டால் எந்தப் பேஜை வெளியேற்றுவது என்ற கேள்விக்கு நாங்கள் எல்ஆர்யூவைத் தேர்ந்தெடுத்தோம். ஏன் என்பதைக் காட்ட, கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதிய எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய இந்த ரெஃபரன்ஸ் ஸ்ட்ரிங்கே, அதாவது பேஜ்கள் கேட்கப்படும் வரிசையே, போதும்:

```
1 2 3 4 1 2 5 1 2 3 4 5
```

ஃபைஃபோ, முதலில் உள்ளே வந்த பேஜை முதலில் வெளியேற்றும். எல்ஆர்யூ, கடைசியாகப் பயன்படுத்தி அதிக நேரம் ஆன பேஜை வெளியேற்றும். இரண்டிலும் ஃபிரேம்கள், அதாவது ஒவ்வொன்றும் ஒரு பேஜ் வைக்கும் இடங்கள், காலியாகத்தான் தொடங்குகின்றன. கேட்ட பேஜ் அங்கே இருந்தால் ஹிட், இல்லாமல் டிஸ்கிலிருந்து எடுக்க வேண்டி வந்தால் பேஜ் ஃபால்ட்.

மூன்று ஃபிரேம் கொடுத்தால் ஃபைஃபோவுக்கு 9 பேஜ் ஃபால்ட், எல்ஆர்யூவுக்கு 10. ஆமாம், இங்கே ஜெயிப்பது ஃபைஃபோதான். இதோடு நிறுத்தினால் அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். இன்னொரு ஃபிரேம் சேர்த்துப் பாருங்கள். எல்ஆர்யூ 8-க்கு இறங்குகிறது; ஃபைஃபோவோ 9-லிருந்து 10-க்கு ஏறுகிறது! பெலேடி, நெல்சன், ஷெட்லர் மூவரும் 1969-ல் எழுதிக் காட்டிய முரண் இது. பெலேடியின் பெயரிலேயே இன்றும் வழங்குகிறது.

இது எங்கே நடக்கிறது என்று பார்த்துவிட்டால் மறக்காது. ஏழாவதாக 5 வரும் இடத்தில் நிறுத்திக்கொள்வோம். மூன்று ஃபிரேம் ஃபைஃபோவில் அப்போது இருப்பவை, வந்த வரிசையில், 4, 1, 2. நாலு ஃபிரேமில் 1, 2, 3, 4. இப்போது 5 வந்ததும் மூன்று ஃபிரேமில் 4 போகிறது, நாலு ஃபிரேமில் 1 போகிறது. அடுத்து கேட்கப்படுவதோ 1, அதற்கடுத்து 2. மூன்று ஃபிரேம்காரரிடம் இரண்டும் இருக்கின்றன. நாலு ஃபிரேம்காரரிடம் 1 இல்லை, அதை எடுக்க 2-ஐ வெளியேற்றுகிறார், உடனே 2 வேண்டியிருக்கிறது. கடைசி வரை இப்படியே ஃபால்ட்தான்.

காரணம், நாலு ஃபிரேமில் 5 வரும் வரை 1 வெளியே போகவே இல்லை, அதனாலேயே அது 'பழையது'. ஐந்தாவது இடத்தில் அதைப் பயன்படுத்தியும் ஃபைஃபோ அதைக் கணக்கில் எடுக்கவில்லை. மூன்று ஃபிரேமில் 1 வெளியே போய்த் திரும்பி வந்ததால் 'புதியது' ஆகிவிட்டது.

எல்ஆர்யூவில் இது நடக்கவே முடியாது. மூன்று ஃபிரேமில் எப்போதும் இருப்பவை கடைசியாகப் பயன்படுத்திய மூன்று வெவ்வேறு பேஜ்கள். நாலு ஃபிரேமில் அதே மூன்றும், கூடவே இன்னொன்றும். சிறியதில் இருப்பது பெரியதில் கட்டாயம் இருக்கும் என்பதால், இடம் கூட்டினால் ஃபால்ட் குறையும், அல்லது அப்படியே நிற்கும், ஏறாது. எங்களுக்கு முடிவைத் தந்தது இதுதான். கடைக்காரர் காசு போட்டு மெமரி கூட்டிய பிறகு, 'முன்னைவிட மெதுவாகிவிட்டதே' என்று கேட்கும் நிலை வரக்கூடாது.

இதிலிருந்து இன்னொரு வசதியும் கிடைக்கிறது. ஒவ்வொரு பேஜும் திரும்பக் கேட்கப்படும்போது, அதன் முந்தைய பயன்பாட்டிலிருந்து எத்தனை வெவ்வேறு பேஜ்கள் வந்திருக்கின்றன என்று, அதையும் சேர்த்து எண்ணுங்கள். நம் ஸ்ட்ரிங்கில் 4, 4, 3, 3, 5, 5, 5 என்று வரும். மூன்று ஃபிரேம் என்றால் 3-க்கு மேற்படாத இரண்டு மட்டும் ஹிட். 12-ல் 2 போக 10 ஃபால்ட். நாலு என்றால் நாலு ஹிட், 8 ஃபால்ட். ஐந்து என்றால் ஏழும் ஹிட், 5 ஃபால்ட். ஒரே ஓட்டத்தில் எல்லா அளவுக்கும் விடை வந்துவிடுகிறது. ஃபைஃபோவுக்கு ஒவ்வொரு அளவையும் தனித்தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எல்ஆர்யூவுக்குச் செலவு அதிகம் என்பது உண்மைதான். ஒவ்வொரு ஹிட்டிலும் அந்தப் பேஜை லிஸ்டின் முன்னால் நகர்த்த வேண்டும். டிஸ்க் ரீடோடு ஒப்பிட்டால் எங்கள் கேஷில் அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கெர்னலில் ஒவ்வொரு மெமரி அணுகலுக்கும் இப்படிச் செய்ய முடியாது. அதனால்தான் அங்கே பேஜ் பயன்பட்டதா என்று மட்டும் குறிக்கும் ரெஃபரன்ஸ் பிட்டை வைத்து, க்ளாக் போன்ற தோராய முறைகளில் சமாளிக்கிறார்கள். அந்த அளவில் எந்தத் தோராயம் நல்லது என்று சொல்லும் அனுபவம் எனக்கில்லை.

எல்ஆர்யூவும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. மூன்று ஃபிரேமை வைத்துக்கொண்டு 1 2 3 4 1 2 3 4 என்று சுற்றிச் சுற்றிக் கேட்டால் ஃபைஃபோ, எல்ஆர்யூ இரண்டிலும் எட்டும் ஃபால்ட்தான். மாதக் கடைசி ரிப்போர்ட் எல்லா பில்லையும் ஒருமுறை வரிசையாகப் படிக்கும்போது, அடிக்கடி வேண்டிய பேஜ்களும் துடைத்துக்கொண்டு போய்விடும். அதனால் ரிப்போர்ட்டை மட்டும் கேஷ் வழியாக விடாமல் நேராக டிஸ்கிலிருந்தே படிக்க வைத்துவிட்டோம்.