லயத்தில் 30 மீட்டர் இடைவெளி: QGIS புள்ளிகளோடு ஐந்து வருடம்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வீட்டு சர்வே செய்யும் சின்னக் குழு எங்களுடையது. எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தீர்மானிக்கும் வேலை ஐந்து வருடமாக என் கையில் இருக்கிறது. வீட்டுப் பட்டியல் பல தோட்டங்களில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் பழையது. அதனால் செயற்கைக்கோள் படத்தின் மேல் குடியிருப்புகளைப் பலகோணங்களாக வரைந்து, அவற்றுக்குள் QGIS என்ற வரைபட மென்பொருள் மூலம் எதேச்சையாகப் புள்ளிகளைப் போட்டு, புள்ளி விழுந்த வீட்டுக்குப் போகிறோம். இந்த ஐந்து வருடமும் நான் பயன்படுத்தியது `Random points in polygons` என்ற டூல்தான். அது எங்கே உதவியது, எங்கே என்னைத் தவறான வீட்டுக்கு அனுப்பியது என்பதை, இதே வேலை செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், இடைவெளி விதி எதற்கு? லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய தொழிலாளர் வீடுகள், ஒவ்வொரு வீடும் ஒரு காம்பிரா. அடுத்தடுத்த காம்பிராக்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள். தண்ணீர் ஒரே குழாய், வேலை ஒரே மலை. நான்காவது வீட்டில் கேட்ட பதிலையே ஐந்தாவது வீட்டிலும் கேட்டால் இரண்டு பதில் கிடைத்த மாதிரி இருக்கும், ஆனால் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. சுவரும் மெல்லியது. ஒரு வீட்டில் கடனைப் பற்றிக் கேட்பது அடுத்த வீட்டு இஸ்தோப்பில் இருப்பவருக்குக் கேட்கும். அதனால் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் 30 மீட்டராவது இருக்க வேண்டும் என்று வைத்தோம்.

முதல் சுற்றில் நான் பட்ட அவதியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வரைந்த லேயர் பாகையில் இருந்தது. இடைவெளிப் பெட்டியில் 30 என்று போட்டேன். டூல் அதை 30 பாகை என்று எடுத்துக்கொண்டது. இலங்கை முழுவதுமே அந்தத் தூரத்துக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு பலகோணத்திலும் ஒரே ஒரு புள்ளி விழுந்தது, மீதி எதுவும் வரவில்லை. எல்லாப் பலகோணத்திலும் சரியாக ஒரு புள்ளி மட்டும் இருந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழவேண்டும். லேயரை மீட்டர் அலகுள்ள `EPSG:5235`-க்கு, அதாவது SLD99 இலங்கைக் கட்டத்துக்கு, மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. `EPSG:32644`-ம் சரிதான்.

இரண்டாவது சுற்றில் வேறொன்று. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு டிவிஷனில் இரண்டு லயங்கள், நடுவில் ஒரு கான். இரண்டையும் தனித்தனிப் பலகோணமாக வரைந்திருந்தேன். கானுக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி, இடையே ஆறு மீட்டர்தான். சாதாரண இடைவெளி ஒரு பலகோணத்துக்குள் மட்டும்தான் பார்க்கும். பலகோணம் தாண்டியும் பார்க்க வேண்டுமென்றால் மேம்பட்ட அமைப்புகளில் இருக்கும் `Global minimum distance between points` என்பதையும் நிரப்ப வேண்டும். இதற்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. டூல் பலகோணங்களை வரிசையாக எடுத்துக்கொண்டு போகிறது. முன்னால் வருகிறவை இடத்தைப் பிடித்துவிடுகின்றன, நெருக்கமான குடியிருப்பில் பின்னால் வருகிறவைக்குத்தான் புள்ளி குறைகிறது. நான் தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கிலிருந்து வரைய ஆரம்பித்ததால் கீழ்ப் பிரிவான பணிய கணக்கு லயங்களில்தான் புள்ளிகள் விடுபட்டன. இப்போது வரிசையைக் கலைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன்.

இன்று நான் ஓட்டும் கட்டளை இது:

```
qgis_process run native:randompointsinpolygons -- \
  INPUT=veedu_5235.gpkg POINTS_NUMBER=3 \
  MIN_DISTANCE=30 MIN_DISTANCE_GLOBAL=30 \
  MAX_TRIES_PER_POINT=300 SEED=2207 OUTPUT=pulli.gpkg
```

`SEED` எண்ணை சர்வே கோப்பில் எழுதி வைக்கிறேன். யாராவது "இந்த வீட்டை நீங்களாகத் தேர்ந்தெடுத்தீர்களா" என்று கேட்டால், அதே லேயரில் அதே எண்ணைப் போட்டு அதே புள்ளிகளை எடுத்துக் காட்டலாம். ஓட்டி முடிந்ததும் எத்தனை புள்ளி விடுபட்டது என்று சொல்லும் `POINTS_MISSED` என்ற எண்தான் இந்த டூலில் எனக்கு மிகவும் மதிப்பானது. அதன் அருமை எனக்குத் தெரிய மூன்று சுற்று ஆனது.

மூன்றாவது சுற்றில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு லயத்துக்குப் போயிருந்தோம். பன்னிரண்டு காம்பிரா, ஒரே வரிசை. அதற்கு முந்தைய சுற்றிலும் அதே லயம் விழுந்திருந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு அக்கா, கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, போன தடவையும் தொங்கல் வீட்டுக்குத்தான் போனீங்க. இந்தத் தடவையும் அங்கதான் போறீங்க. நடுவுல இருக்கிற எங்களுக்குக் கஷ்டம் இல்லையா?"

எதேச்சையாக விழுந்தது என்று பதில் சொன்னேன். அவர் தலையாட்டினார், நம்பவில்லை. அன்று ராத்திரி ஹட்டனில் தங்கிய அறையில் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அக்கா சொன்னதுதான் சரி.

கணக்கு இதுதான். காம்பிரா ஒன்று சுமார் 4 மீட்டர் அகலம், பன்னிரண்டுக்கு 48 மீட்டர். இரண்டு புள்ளிகள் வேண்டும், இடையே 30 மீட்டர். காம்பிரா நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் ஏழு காம்பிரா தள்ளினால் 28 மீட்டர், போதாது. எட்டுத் தள்ள வேண்டும். முதல் புள்ளி ஒன்றாம் காம்பிராவில் விழுந்தால் இரண்டாவதற்கு 9, 10, 11, 12 என்று நான்கு இடம் உண்டு. நான்காம் காம்பிராவில் விழுந்தால் 12 மட்டும்தான். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு ஆகியவற்றில் ஒன்றில் விழுந்தால் இரண்டாவது புள்ளிக்கு லயத்தில் இடமே கிடையாது. டூல் எத்தனை தடவை முயன்றாலும் அது விடுபட்ட புள்ளியாகத்தான் பதிவாகும்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? விடுபட்ட புள்ளி இருந்தால் `SEED`-ஐ மாற்றி மறுபடி ஓட்டினேன், எல்லாம் நிறையும் வரைக்கும். அப்படி ஓட்டினால் நடுவில் உள்ள நான்கு வீடுகளுக்கு வாய்ப்பு சுத்தமாகப் பூச்சியம். தொங்கல் வீட்டுக்கு சுமார் 39 சதவீதம், நான்காவது வீட்டுக்கு சுமார் 16 சதவீதம். பன்னிரண்டில் இரண்டு எடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டியது 17 சதவீதம். மென்பொருள் அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. புள்ளி விடுபடுகிறது என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது, நான்தான் அந்த எண்ணைப் பூச்சியமாக்குவதையே வேலையாக வைத்திருந்தேன்.

இது வெறும் கணக்குப் பிழையோடு நிற்கவில்லை. தொங்கல் வீட்டுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் இருக்கும். அங்கே ஒரு குசினியோ ஒரு அறையோ இழுத்துக் கட்டியிருப்பார்கள், நான்கு கீரைப் பாத்தி இருக்கும். நடு வீட்டுக்கு இரண்டு பக்கமும் சுவர்தான். ஒரு அறையில் எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்று கேட்பதற்காகப் போன சர்வே அது. நெருக்கமாக வாழ்கிறவர்களையே விட்டுவிட்டு நெருக்கத்தை அளந்திருக்கிறோம்.

அந்தச் சுற்றுக்குப் பிறகு ஒற்றை வரிசை லயங்களுக்குப் புள்ளி போடுவதை நிறுத்திவிட்டேன். எந்த லயம் என்பதைக் கணினியில் எடுக்கிறோம், எந்தக் காம்பிரா என்பதை எண்ணித்தான் எடுக்கிறோம். பன்னிரண்டு காம்பிராவில் இரண்டு வேண்டுமென்றால், 1 முதல் 6 வரை ஒரு எண்ணை எதேச்சையாக எடுப்போம். 4 வந்தால் நான்காவதும் பத்தாவதும். எந்த எண் வந்தாலும் இடைவெளி 24 மீட்டர், பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே வாய்ப்பு. ஆறு மீட்டரை விட்டுக்கொடுத்ததற்கு இது நல்ல விலை. எண்ணுவது எந்தப் பக்கத்திலிருந்து என்பதைப் போவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். நாங்கள் எப்போதும் ரோட்டுக்குக் கிட்ட இருக்கும் முனையிலிருந்து எண்ணுகிறோம். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் முன்பக்கம் முடிந்த பிறகு பின்பக்கம் தொடர்கிறோம். படத்தில் அது ஒரே கூரைதான், பின்பக்க வீடுகள் எண்ணிக்கையில் விடுபட்டுப்போவது சுலபம். இன்னொரு நன்மை, கைப்பேசி ஜிபிஎஸ் ஐந்து பத்து மீட்டர் தள்ளிக் காட்டுகிற இடத்தில் 4 மீட்டர் காம்பிராவை அதை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

அப்படியென்றால் டூலை எங்கே வைத்திருக்கிறேன்? தனி வீடுகள் உள்ள குடியிருப்புகளில், கடைவீதியைச் சுற்றிய வீடுகளில், சரிவில் சிதறிய மரக்கறித் தோட்ட வீடுகளில். இங்கே இடம் அகலமாக இருப்பதால் இடைவெளி விதி யாரையும் முழுதாக வெளியே தள்ளுவதில்லை. ஆனாலும் எத்தனை புள்ளி கேட்கலாம் என்பதற்கு ஒரு எல்லை உண்டு. வட்டங்களை ஒன்றின் மேல் ஒன்று படாமல் எதேச்சையாகப் போட்டுக்கொண்டே போனால், பரப்பில் சுமார் 54.7 சதவீதம் மூடியதும் புதிதாக ஒன்றுக்கு இடமில்லாமல் போகிறது. அதிலிருந்து எனக்கொரு கைக்கணக்கு: பலகோணத்தை இடைவெளியில் பாதியளவு, அதாவது 15 மீட்டர், வெளிப்பக்கம் விரித்து, அந்தப் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து 900 ஆல் வகுத்து 0.7 ஆல் பெருக்கு. சதுரமான ஒரு ஏக்கர் என்றால் பக்கம் சுமார் 64 மீட்டர், விரித்ததும் 94, விடை கிட்டத்தட்ட 7. ஏழும் கேட்டால் புள்ளிகள் ஓரங்களை நோக்கித் தள்ளப்படும், பாதியும் விடுபடலாம். நான் மூன்றுக்கு மேல் கேட்பதில்லை.

ஏதாவது விடுபட்டால் முதலில் `MAX_TRIES_PER_POINT`-ஐ ஏற்றிப் பார்க்கிறேன். அது இயல்பாக 10 தான் இருக்கும், என் கட்டளையில் 300. அதற்கும் மேல் ஏற்றியதும் விடுபட்டவை மறைந்தால் முயற்சிதான் போதவில்லை. அப்படியே நின்றால் இடம் போதவில்லை, அங்கே இடைவெளியையோ எண்ணிக்கையையோ குறைக்க வேண்டும். `SEED`-ஐ மட்டும் தொடுவதில்லை.

இன்னும் ஒன்று மிச்சம். புள்ளி பரப்பைப் பார்த்து விழுகிறது, குடும்பத்தைப் பார்த்து விழுவதில்லை. ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் கொடுத்த புதிய வீட்டுத் திட்டங்களில் அது சுமார் 177 சதுர மீட்டர். லயத்தில் இஸ்தோப்பு, அறை, குசினி எல்லாம் சேர்த்தாலும் 4க்கு 7 என்று 28 சதுர மீட்டர்தான். இரண்டையும் ஒரே பலகோணத்துக்குள் வரைந்தால் புதிய வீட்டுக்காரருக்கு ஆறு மடங்கு வாய்ப்பு. அதனால் இப்போது லயத்தை ஒரு லேயரிலும் தனி வீடுகளை இன்னொன்றிலும் வரைகிறேன். கூரைகளை எண்ணி, குடும்ப எண்ணிக்கையின்படி இரண்டுக்கும் மாதிரியைப் பிரிக்கிறேன். தனி வீடுகளுக்குள்ளேயும் வளவு பெரிதும் சிறிதுமாக இருக்கும். அதற்காகப் புள்ளி விழுந்த வளவின் பரப்பை டேப்லெட் படிவத்தில் ஒரு கட்டமாகச் சேர்த்திருக்கிறோம். களத்துக்குப் போகிறவர் வேலியைச் சுற்றி நடந்து அதை நிரப்பிவிட்டுத்தான் கதவைத் தட்டுகிறார்.