429 எரருடன் ஒன்றரை ஆண்டு: பேக்ஆஃப் மட்டும் ஏன் போதவில்லை

ஒன்றரை ஆண்டாக ஒரு சின்ன பைதான் நிரலை இரவுதோறும் ஓட்டி வருகிறேன். பகலில் வாடிக்கையாளர்கள் அனுப்பிய மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு சாட்பாட் சேவையின் ஏபிஐக்கு அனுப்பி, இரண்டு வரிச் சுருக்கம் வாங்கி அட்டவணையில் எழுதுவதுதான் அதன் வேலை. ஒரு இரவுக்குச் சுமார் 2,000 மின்னஞ்சல்கள் வரும். எங்கள் கணக்குக்கு நிமிடத்துக்கு 60 அழைப்புகள், 1,00,000 டோக்கன்கள் என்று வரம்பு. 2,000-ஐ 60-ஆல் வகுத்தால் 34 நிமிடம் கூட ஆகாது. இரவு முழுக்க நேரம் இருக்கிறது. அப்படியிருந்தும் முதல் சில மாதங்களுக்குக் காலையில் அட்டவணையைத் திறந்தால் பல கட்டங்கள் காலியாகவே இருக்கும். அந்தக் காலிக் கட்டங்களை எப்படி நிரப்பினேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதல் வடிவத்தில் 20 வொர்க்கர்கள் ஒரே நேரத்தில் ஓடின. எரர் வந்தால் உடனே மூன்று முறை மறுபடி அனுப்பும், அதற்கு மேல் அந்த மின்னஞ்சலை விட்டுவிடும். வந்த எரர் எப்போதும் 429, அதாவது "அளவுக்கு மேல் அழைக்கிறீர்கள்". மூன்று மறுமுயற்சியும் ஒரே நொடிக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு நொடியில் வரம்பு எப்படி இளகும்? அது கூட அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நிமிடத்துக்கு 60 என்றால் நிமிடம் பிறந்ததும் 60-ஐயும் ஒரே மூச்சில் அனுப்பலாம் என்று நினைத்திருந்தேன். பல சேவைகள் அப்படிக் கணக்கிடுவதில்லை. ஒரு சிறிய தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு ஒரு குவளை வீதம் அதில் தண்ணீர் விழுகிறது. ஒவ்வொரு அழைப்பும் ஒரு குவளையை மொண்டுகொள்ளும். தொட்டி நிறைந்திருந்தால் சில அழைப்புகள் சேர்ந்து வந்தாலும் தாங்கும். காலியாகிவிட்டால் அடுத்த குவளை விழும்வரை யார் வந்தாலும் 429-தான். 20 வொர்க்கர்கள் ஒன்றாகக் கிளம்பினால் முதல் சில நொடிகளிலேயே தொட்டி வறண்டுவிடும்.

சரி, காத்திருந்து அனுப்பலாம் என்று எக்ஸ்போனென்ஷியல் பேக்ஆஃப் போட்டேன். முதல் தோல்விக்குப் பிறகு 1 நொடி, அப்புறம் 2, 4, 8, 16. காலிக் கட்டங்கள் குறைந்தன, ஆனால் தீரவில்லை. லாகை அனுபவமுள்ள ஒரு சக பணியாளரிடம் காட்டினேன். அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "நேரத்தை மட்டும் பாருங்க, எல்லா வொர்க்கரும் ஒரே நொடியில வந்து நிக்குது" என்றார். உண்மைதான். ஒன்றாகத் தோற்றவை ஒரே அளவு காத்திருந்து, ஒன்றாகவே திரும்பி வந்தன. லாகில் ஒரே நேர முத்திரையோடு ஏழெட்டு 429 வரிகள், பிறகு சில நொடி அமைதி, மறுபடி ஒரு கொத்து. இந்த வடிவம் உங்கள் லாகில் தெரிந்தால் காத்திருப்பு நேரத்தில் தற்செயல் கலக்கவில்லை என்று பொருள். அப்படிக் கலப்பதற்குப் பெயர் ஜிட்டர். நான் இப்போது வைத்திருப்பது இது:

```python
import random

def wait_time(n, retry_after=None):
    if retry_after is not None:
        return retry_after + random.uniform(0, 2)
    return random.uniform(0, min(60, 2 ** n))
```

காத்திருப்பு 0-க்கும் உச்ச அளவுக்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் விழும். உச்ச அளவு மட்டும் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகும், 60 நொடியைத் தாண்டாது. பதிலின் தலைப்புப் பகுதியில் `Retry-After` வந்திருந்தால் அதற்குத்தான் முதல் மரியாதை. எப்போது வரலாம் என்று சர்வரே சொல்லும்போது நாம் ஊகிக்க வேண்டியதில்லை. எண்ணாக வந்தால் அது நொடிக் கணக்கு. தேதியும் நேரமுமாக வரவும் விதி இடம் தருகிறது, அப்படி வந்தால் நொடியாக மாற்றிக்கொள்ளுங்கள். அதிலும் இரண்டு நொடிவரை தற்செயலாகக் கூட்டுகிறேன், இல்லாவிட்டால் எல்லா வொர்க்கரும் அந்த நொடியைக் குறிவைத்து மறுபடி கூடிவிடும்.

இதற்குப் பிறகும் இரவுக்குப் பத்துப் பதினைந்து மின்னஞ்சல்கள் விழுந்துகொண்டே இருந்தன. நீளமானவையாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. எல்லா அளவிலும் இருந்தன. ஒரே ஒரு மின்னஞ்சலை எடுத்து, அதன் கதையை லாகில் முதலிலிருந்து கடைசிவரை தொடர்ந்து படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அது ஆறு முறை தோற்று வெளியேறிய அதே ஒரு நிமிடத்தில், மற்ற வொர்க்கர்கள் ஐம்பதுக்கு மேற்பட்ட மின்னஞ்சல்களை முடித்திருந்தன. தோற்ற மின்னஞ்சல் பணிவாக 16 நொடிவரை ஒதுங்கி நிற்கிறது. அந்த இடைவெளியில் வேலை முடித்த வொர்க்கர் புதிய மின்னஞ்சலை எடுத்து, எந்தக் காத்திருப்பும் இல்லாமல் உடனே அனுப்பி, விழுந்த குவளையை மொண்டுகொள்கிறது. பழையது திரும்பி வரும்போது தொட்டி மறுபடி காலி. எத்தனை முறை தோற்கிறதோ அவ்வளவு நேரம் கூடுதலாக ஒதுங்க வேண்டும், புதிதாக வருவதற்கோ எந்தத் தடையும் இல்லை.

பேக்ஆஃப் பற்றி நான் கற்றதிலேயே முக்கியமானது இதுதான். வரம்பு எல்லா வொர்க்கருக்கும் பொது, ஆனால் பேக்ஆஃப் அந்தந்த வொர்க்கரின் சொந்த அறிவு. ஒன்று பட்ட அடி மற்றொன்றுக்குத் தெரியாது. ஆகவே மறுமுயற்சியின் எண்ணிக்கையை ஆறிலிருந்து பத்தாக்குவது தீர்வாகாது. வேகத்தை அனுப்பும் இடத்திலேயே கட்டுப்படுத்த வேண்டும்.

இப்போது எல்லா அழைப்புகளும், மறுமுயற்சிகள் உட்பட, ஒரே வாசல் வழியாகப் போகின்றன. அந்த வாசல் 1.2 நொடிக்கு ஒன்றைத்தான் விடும், அதாவது நிமிடத்துக்கு 50. வரம்பு 60 ஆக இருந்தாலும் விளிம்புவரை போவதில்லை. 2,000 மின்னஞ்சலுக்கு 40 நிமிடம் ஆகிறது, இரவு வேலைக்கு அது ஒன்றுமே இல்லை. ஏதாவது ஒரு வொர்க்கருக்கு 429 வந்தால் சர்வர் சொன்ன நேரம்வரை வாசலே மூடிக்கொள்ளும், எல்லோரும் காத்திருப்பார்கள். மறுமுயற்சிக்கு வருபவை வரிசையின் முன்னால் நிற்கும். இதை எழுத ஒரு மாலை போதுமானதாக இருந்தது. இதை முதலிலேயே செய்துவிட்டு, பேக்ஆஃபை இரண்டாவது அரணாக வைத்திருக்க வேண்டும்.

வாசல் போட்ட வாரத்திலும் 429 முழுதாக ஒழியவில்லை. இந்த முறை எரர் செய்தியின் உடலைப் படித்தேன், அழைப்பு வரம்பு இல்லை, டோக்கன் வரம்பு. ஒரு மின்னஞ்சலும் என் வழிமுறைகளும் சேர்ந்து சுமார் 1,500 டோக்கன். பதில் 200-ஐத் தாண்டாது. நிமிடத்துக்கு 50 என்றால் 85,000, வரம்புக்குள்தான். ஆனால் பதிலின் உச்ச அளவைச் சொல்லும் `max_tokens` என்ற இடத்தில் நான் யோசிக்காமல் 1,000 என்று போட்டிருந்தேன். நான் பயன்படுத்தும் சேவை, பதில் எவ்வளவு வரும் என்று முன்கூட்டித் தெரியாததால், அந்த உச்ச அளவையே வரம்பில் கழித்துக்கொள்கிறது. அப்படியானால் ஓர் அழைப்புக்கு 2,500, நிமிடத்துக்கு 40 அழைப்பிலேயே ஒரு லட்சம் தீர்ந்துவிடும். அதை 300 ஆக்கினேன். ஓர் அழைப்புக்கு 1,800, 50 அழைப்புக்கு 90,000. அன்றிரவே சரியானது. எல்லாச் சேவைகளும் இப்படிக் கழிப்பதில்லை, உங்கள் சேவையின் ஆவணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கலை மாதக்கணக்கில் கவனிக்காமல் இருந்தேன். சேவையின் பயன்பாட்டுப் பக்கத்தில் காட்டிய அழைப்புகளின் எண்ணிக்கை, என் லாகில் இருந்ததைவிட எப்போதும் அதிகமாகவே இருந்தது. காரணம், நான் பயன்படுத்தும் நூலகமே உள்ளுக்குள் மறுமுயற்சி செய்கிறது. ஓப்பன்ஏஐ, ஆந்த்ரோபிக் இரண்டின் பைதான் நூலகங்களிலும் இயல்பாகவே 2 மறுமுயற்சி உண்டு, ஆக ஓர் அழைப்பு மூன்று ஆகலாம். அதைச் சுற்றி என் நிரல் ஆறு முறை முயன்றது, அப்போது 18. நிரல் தோற்றால் இரவு வேலையை ஓட்டும் கருவி அதை மறுபடி இரண்டு முறை தொடங்கும், அப்போது ஒரு மின்னஞ்சலுக்கு 54. சேவை ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் இரவில்தான் இது உச்சத்துக்குப் போகும். மறுமுயற்சி ஓர் அடுக்கில் மட்டும் இருக்கட்டும் என்று நூலகத்தில் இருந்ததை அணைத்தேன்:

```python
client = Client(max_retries=0)
```

நூலகத்தில் உள்ளதை வைத்துக்கொண்டு உங்களுடையதை எடுத்தாலும் சரிதான். சிறிய நிரலுக்கு அதுவே போதும். எனக்கு எல்லா மறுமுயற்சியும் வாசல் வழியாகப் போக வேண்டியிருந்ததால் என்னுடையதை வைத்துக்கொண்டேன்.

எதை மறுபடி அனுப்பக்கூடாது என்பதும் இதே இடத்தில் வருகிறது. 400, 401 போன்றவை நம் பக்கத்துத் தவறு, எத்தனை முறை அனுப்பினாலும் அதே பதில். 500, 503 சர்வர் பக்கம், காத்திருந்தால் சரியாகலாம். ஏமாற்றுவது 429-தான். வேகம் கூடினாலும் 429, கணக்கில் பணம் தீர்ந்தாலும் சில சேவைகளில் 429. ஒருமுறை பணம் தீர்ந்துபோய், நிரல் விடியும்வரை காத்திருந்து காத்திருந்து அனுப்பிக்கொண்டே இருந்தது. இப்போது எரர் உடலில் `insufficient_quota` போன்ற குறி இருந்தால் உடனே நின்று எனக்குச் செய்தி அனுப்பிவிடும்.

டைம்அவுட்டும் அப்படித்தான். 30 நொடியில் பதில் வராவிட்டால் துண்டித்து மறுபடி அனுப்பச் சொல்லியிருந்தேன். நெரிசலான இரவில் பதில் வர 40 நொடி ஆகும். நாம் துண்டித்தது சர்வருக்குத் தெரியாமல் அது பதிலை எழுதி முடித்திருக்கலாம், அதற்கும் கட்டணம் உண்டு. அதை 120 நொடி ஆக்கினேன்.

கடந்த சில மாதங்களாக இரவுக்கு 429 ஓரிலக்கத்தில்தான் வருகிறது, காலிக் கட்டங்கள் அரிது. தீராமல் இருப்பது ஒன்று: வரம்பு ஏபிஐ சாவிக்கு இல்லை, நிறுவனக் கணக்கு முழுமைக்கும். வேறொரு குழு இரவில் எதையாவது சோதித்துப் பார்த்தால் என் வாசலுக்கு அது தெரியாது. ஒவ்வொரு பதிலின் தலைப்பிலும் மீதமுள்ள அளவு வருகிறது. அதைப் படித்து வாசல் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி எழுதிக்கொண்டிருக்கிறேன்.